எடை, மதிப்பு, கொடுத்தவர் பெயர்

"பொண்ணு ரொம்பப் பொறுப்பு." நிச்சயம் ஆனதிலிருந்து இதைச் சொல்லாத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை. அக்கா சொன்னாள், அத்தான் சொன்னார், பக்கத்து வீட்டு ஆச்சிகூட சொல்லிவிட்டாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் ராத்திரி போனை வைத்துவிட்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நிற்கும்போது, பொறுப்பான பிள்ளைதான், சரி, ஆனால் என்னைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வி மட்டும் போகவே மாட்டேன் என்றது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதப்போகிறேன் என்று அவளிடமும் சொன்னேன். "பேரும் சங்கத்து ஊரும் போடாதீங்க, மத்தபடி உங்க இஷ்டம்" என்றாள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். அங்கே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவளுக்கு வேலை. எனக்கு வண்ணார்பேட்டையில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் கணக்கு. வீடு பாளையங்கோட்டை. கல்யாணம் தை மாசம்.

என் கூட வேலை பார்க்கிற பையன் ஒருவனுக்கு எனக்கு முன்னாடியே நிச்சயமானது. கடைக்குப் பின்னால் கிளட்ச் பிளேட் பெட்டிகள் அடுக்கியிருக்கிற இடுக்கில் போய் நின்றுகொண்டு, போனை வாயோடு ஒட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருப்பான். அப்படி என்னடா பேசுவீங்க என்று கேட்டால், "ஒண்ணும் இல்லண்ணே, சும்மாதான்" என்பான். அந்தச் 'சும்மாதான்' எனக்கும் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது வேறு. "பிசியா? ரெண்டு விஷயம் கேக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பாள். இரண்டு விஷயம் என்றால் இரண்டுதான், மூன்றாவது இருக்காது. "காலைல செங்கோட்டை பாசஞ்சரப் புடிக்கணும்னா உங்க வீட்டுலருந்து ஜங்ஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பஸ்ஸா, ஷேர் ஆட்டோவா?" "வீட்டுல தண்ணி தெனமும் வருமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?" "இன்வெர்ட்டர் பேட்டரி எத்தன ஏ.ஹெச்.?" பதில் சொன்னதும் "சரி, வைக்கட்டா" என்பாள். வைத்தும் விடுவாள். சாப்பிட்டீங்களா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கிடையாது. நான்தான் கேட்பேன். "ஆச்சு" என்பாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் மதியம், அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் போன். "உங்க பி.எஃப்.ல நாமினி யாரு?" அம்மா என்றேன். "கல்யாணம் ஆச்சுன்னா அந்த நாமினேஷன் செல்லாது. அதுக்கப்புறம் புதுசா போடணும், மறந்துராதீங்க." கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நியமனம் கல்யாணம் ஆனதும் தானாகவே செல்லாமல் போய்விடும் என்பது கணக்கு எழுதியே காலம் தள்ளுகிற எனக்கே தெரியாது. அப்புறம் பார்த்தேன், உண்மைதான். அவள் அதோடு விடவில்லை. "அத்தை உங்க சம்பளத்துலதான இருக்காங்க? அப்ப அவங்களையும் சேத்துப் போடலாம். யாருக்கு எத்தன பங்குன்னு நீங்களே பிரிச்சு எழுதலாம்." எனக்கு இது நல்ல வார்த்தையாகவும் பட்டது, இன்னொரு பக்கம் வயிற்றைப் பிசைந்தது. தாலி கட்டுவதற்கு முன்னாலேயே நான் செத்தால் பணம் யாருக்கு என்று பேசுகிற பெண்ணை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அடுத்த நாள் காலை

வறட்சியாகப் பேசுவது ஒன்று. விருப்பமில்லாமல் பேசுவது இன்னொன்று. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகச் சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே வெந்துகொண்டிருக்கிற பெண்கள் இன்றைக்கும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அழைப்பிதழ் அடித்த பிறகு கல்யாணம் நின்றது. அந்தப் பெண் அதுவரை இவரோடு நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, நல்லா இருக்கீங்களா, எல்லாம் முறைப்படி. ஸ்பீக்கரில் போட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பேசியது என்று பின்னால்தான் தெரிந்திருக்கிறது. அவர் அதை யோசித்துச் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் நின்றுவிட்டது. "அவ கல்யாணத்தைப் பத்திப் பேசுவா. புடவை, மண்டபம், மேக்கப்புக்கு யாரைக் கூப்பிடுறதுன்னு எல்லாம் பேசுவா. ஆனா கல்யாணத்துக்கு மறுநாளப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதே இல்ல. நான் வீட்டைப் பத்திச் சொன்னா, ம்ம், ம்ம்னு கேட்டுக்கிட்டு வேற பேச்சுக்குப் போயிருவா."

அதை வைத்து நான் இவளுடைய போன்களைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். இவள் மண்டபத்தைப் பற்றிப் பேசியதே குறைவு. பாசஞ்சர், தண்ணீர், இன்வெர்ட்டர், பி.எஃப். என்று எல்லாமே மறுநாளிலிருந்து தொடங்குகிற சங்கதிகள். காலையில் ஆறு மணிக்கு எழுந்து சமையல்கட்டில் நின்று, குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடுகிற ஒரு நாளை அவள் எங்கள் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கத்து வேலையில் நினைத்த ஊருக்கு மாற்றல் வாங்கிவிட முடியாது. வேலையை விடுவதாகவும் அவளுக்கு எண்ணம் இல்லை. அப்படியானால் தினமும் போக வர ரயில்தான். வர மனமில்லாத ஒருத்தி இதையெல்லாம் கேட்க மாட்டாள், கேட்டால் பதிலை ஞாபகம் வைத்திருக்க மாட்டாள். இவளுக்கு நான் சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கும். பஸ் என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டு இன்னொரு நாள் பைக்கில் கொண்டுவந்து விடுகிறேன் என்றால், "அன்னைக்கு பஸ்னீங்க" என்பாள்.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் மறுத்துப் பேசுவாள். எங்கள் சித்தி, கல்யாணம் ஆனதும் பிள்ளை வேலையை விட்டுவிடுவாள்தானே என்று அவர்கள் வீட்டில் வாய் விட்டிருக்கிறாள். மறுநாளே எனக்கு போன். "இது உங்க எண்ணமா, சித்தி எண்ணமா? உங்க எண்ணம்னா இப்பவே பேசிருவோம்." விருப்பமில்லாதவர்கள் சண்டை போட மாட்டார்கள். 'உங்க இஷ்டம்', 'அம்மாகிட்ட கேட்டுக்கோங்க' என்று ஒதுங்கிப் போவார்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் உங்க இஷ்டம் என்று பதில் வருகிறது என்றால் அங்கேதான் மாப்பிள்ளைப் பையன் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. நம் ஆட்கள் அதை அடக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

இவ்வளவும் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் ஆறவில்லை. இவள் அந்த வீட்டுக்கு வரத் தயாராகத்தான் இருக்கிறாள். அந்த வீட்டில் இருக்கிற என்னைத் தேடி வருகிறாளா என்பது அந்தக் கேள்விகளில் எங்கேயும் இல்லை. என் இடத்தில் தண்ணீர் ஒழுங்காக வருகிற வேறு வீட்டுப் பையன் ஒருவன் இருந்தாலும் இதே கேள்விகள்தானே?

பட்டியல்

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் போன் வந்தது. ராத்திரி எட்டு மணி இருக்கும், அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாட்ஸப்ல ஒரு ஃபைல் அனுப்பியிருக்கேன், பாருங்க. கல்யாணத்துக்கு ரெண்டு பக்கமும் போடுற நகை, குடுக்குற சாமான் எல்லாத்தையும் அதுல எழுதணும். கடைசில நீங்களும் நானும் கையெழுத்துப் போடணும். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." எதுக்கு என்றேன். "சட்டத்துல இருக்கு. யாரும் எழுதுறதில்ல, அவ்வளவுதான்."

ஃபைலைத் திறந்தேன். வரிசை எண், பொருள், எடை, தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு முறை, அதற்குக் கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். அவள் வீட்டில் போடுகிற நகைகளை ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். ஆரம் எத்தனை கிராம், அதில் கல் எத்தனை கிராம், கல்லைக் கழித்தால் எத்தனை என்று பிரித்துப் பிரித்து. ஒரு தோட்டுக்கு நேரே கொடுத்தவர் 'ஆச்சி', உறவு முறை 'அம்மாவின் தாயார்'. எனக்குப் போடப்போகிற மோதிரத்துக்கு ஒரு தனித் தாள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் போனில் இருந்த வறட்சி எல்லாம் சேர்ந்து ஒரு தாளாக வந்து நின்ற மாதிரி இருந்தது. யோசிச்சுச் சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன்.

அவள் சொன்னது சரிதான் என்பதை அன்று ராத்திரியே படித்துத் தெரிந்துகொண்டேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் வருஷத்தது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்காமல், கல்யாணத்தின்போது தானாகக் கொடுக்கிற பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் அவற்றைப் பட்டியலில் எழுதி வைத்தால்தான் அந்த விலக்கு. பட்டியலை எப்படி எழுதுவது என்று 1985இல் தனியாக விதிகளே போட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கு வந்ததைப் பெண் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளை. கல்யாணத்தின்போதே எழுத வேண்டும், முடியாவிட்டால் முடிந்ததும் கூடிய சீக்கிரம். என்ன பொருள், தோராயமாக என்ன மதிப்பு, யார் கொடுத்தது, அவர் சொந்தக்காரர் என்றால் என்ன உறவு, எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எடையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, அது இவள் தன் பங்குக்குச் சேர்த்தது. நகைக் கடனுக்கு எடை போட்டு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் எடை இல்லாமல் நகையை எழுதுவாளா?

ஆனால் சட்டம் சரி என்பதால் மனசு சரியாகிவிடாது. அம்மாவிடம் சொன்னதும் டிவியை நிறுத்திவிட்டாள். "நாம என்ன பிடுங்கித் திங்கவா போறோம்? நான் ஒரு கிராம் கேட்டேனாலே? அவளுக்குச் சங்கத்துல அடகுக்கு ரசீது போட்டே பழகிட்டு." அதைவிட அம்மாவைக் குத்தியது ஒரு வரிசைதான். எங்கள் பக்கத்துப் பொருள்கள் என்று அவள் காலியாக விட்டிருந்த இடத்தில் முதல் வரியில் 'திருமாங்கல்யம்' என்று மட்டும் எழுதி, எடையும் மதிப்பும் நீங்கள் நிரப்புங்கள் என்று விட்டிருந்தாள். "தாலிக்கு வெல போடச் சொல்லுதாளா?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அக்காவும் அத்தானும் மறுநாள் வந்தார்கள். அத்தான் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மண்டப வாசல்ல மேசையைப் போட்டு, ஊர் பேரு, ஆள் பேரு, நூத்தியோரு ரூவான்னு மொய் நோட்டு எழுதுதோமே, அது மட்டும் என்ன? அதுல யாரு கோவிச்சா? நாளைக்குத் திருப்பிச் செய்யணும்னு எழுதுதோம். இதுவும் நோட்டுதான்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மொய் நோட்டு ஊராருக்கு எழுதுவது. புருஷனும் பொண்டாட்டியுமா ஒருத்தருக்கு ஒருத்தர் நோட்டு எழுதிக்கொள்வது என்று அக்கா கேட்டாள். நான் அக்கா கட்சியில்தான் இருந்தேன்.

பத்தமடை

அந்த வாரமே பத்தமடைக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரை நெய்து வாங்குவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். ஆற்றோரத்துக் கோரையை ஊறவைத்து, மெலிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிற பட்டுப் பாய்க்கு நாள் பிடிக்கும். தை மாசக் கல்யாணத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். அதற்கும் அவள் போன் இப்படித்தான் இருந்தது: "பேரு தமிழ்லயா இங்கிலீஷ்லயா, இனிஷியல் வேணுமா?" இரண்டு பேருடைய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரப்போகிற பாய்க்கு இனிஷியலைப் பற்றிக் கேட்கிறாள். நானே வருகிறேன், நேரில் முடிவு செய்வோம் என்றேன். அவள் தம்பியோடு வந்திருந்தாள்.

நெய்கிற அக்கா தரையில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, குனிந்து உட்கார்ந்து, ஈரக் கோரையை ஒவ்வொன்றாகக் குச்சியில் மாட்டி உள்ளே செலுத்திக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கல்யாணத்துக்கோ ஆன பாய். பெயரில் பாதிதான் முளைத்திருந்தது. கறுப்புச் சாயக் கோரை வருகிற இடத்தில் அவர் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, பக்கத்தில் விரித்திருந்த கட்டம் போட்ட தாளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் செலுத்தினார். ஒரு எழுத்தின் கால் தப்பினால் பிரிக்க வேண்டியதுதான் என்றார். இவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்தில் துணி வைத்துத் தைப்பீங்களா, சுருட்டி வைத்தால் மடிப்பு விழுமா, நனைந்தால் சாயம் போகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி டீ குடிக்கப் போனான். அவனை நான்தான் போகச் சொன்னேன்.

வாசலுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். போனில் கேட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இதுல முழுச் சம்மதம்தானா? வீட்டுல சொன்னாங்கன்னு சரின்னு சொல்லியிருந்தா இப்ப சொல்லிருங்க. நான் எங்க வீட்டுல என் பேர்ல ஏதாவது சொல்லி நிறுத்திக்கிடுதேன். உங்க மேல பழி வராது." பழியைப் பற்றி வேண்டுமென்றேதான் சொன்னேன். நின்றுபோன கல்யாணத்துக்கு ஊர் காரணம் தேடும்போது பெண்ணைத்தான் முதலில் பார்க்கும். அந்தப் பயம் இருக்கிறவரை 'சம்மதமா' என்ற கேள்விக்கு வருகிற பதிலில் அர்த்தம் இல்லை. எந்த மாப்பிள்ளையாவது இதைக் கேட்கிறதாக இருந்தால் பழி யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சம்மதம் இல்லாமயா பாசஞ்சர் நேரம் கேக்குதேன்?" என்றாள். அப்புறம், "இதுக்கு முன்னாடி ஒரு இடம் வந்துச்சு. வேண்டாம்னேன். பெரியப்பா ஒரு மாசம் பேசல. உங்களையும் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்." இதைவிட நேரான பதிலை நான் எங்கே வாங்கப்போகிறேன்? ஆனாலும் விடவில்லை. பிறகு ஏன் வேற எதுவும் பேசுறதில்ல என்றேன். வேற என்னன்னா என்றாள். சும்மா என்றேன். "சும்மா பேச எனக்கு வராது. உங்கள எனக்கு இன்னும் தெரியாது. தெரியாத ஆள்ட்ட நயமா பேசணும்னா நடிக்கணும். வேலை இருந்தா யார்ட்டயும் பேசிருவேன், அதான் வேலைய வச்சுக் கூப்பிடுதேன்." கடைசிச் சொல்லை நான் வீட்டுக்கு வந்துதான் சரியாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு விஷயங்களில் ஒன்றாவது கூப்பிடுவதற்காகத் தேடிப் பிடித்ததாக இருந்திருக்கும்.

பட்டியலைப் பற்றியும் கேட்டேன். அம்மா வருத்தப்பட்டதைச் சொன்னேன். அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரை நகைக் கடன் தள்ளுபடி வந்ததே, அந்தச் சமயத்தில் நடந்ததைச் சொன்னாள். யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று குடும்பம் குடும்பமாகச் சரிபார்த்தபோது, தங்கள் நகை புருஷன் பெயரிலோ மாமனார் பெயரிலோ அடகில் இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட பெண்கள் வந்து நின்றார்களாம். "ஒரு அக்கா, அது எங்கம்மா போட்ட செயின்னு சொல்லி அழுதாங்க. எழுத்துல ஒண்ணும் இல்ல. நான் என்ன செய்ய முடியும்? கடன் யார் பேர்ல இருக்கோ நகை அவங்களுக்குத்தான் திரும்பப் போகும். அவங்க வீட்டுக்காரர் மோசமான ஆள்னு இல்ல. தங்கச்சி கல்யாணத்துக்கு வச்சிருக்காரு. கேட்டு வச்சிருந்தா குடுத்திருப்பாங்க." நீங்க மோசம்னு நெனச்சு எழுதல என்று அவள் சொல்லவில்லை. நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

அக்கறை வேறு

இதைச் சொன்னபோது என் நண்பர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். 'அதாம்டா பாசம், பிராக்டிகலா இருக்கிறவங்க பாசத்தை இப்படித்தான் காட்டுவாங்க' என்று. இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பி.எஃப்.பில் அம்மா பெயரைச் சேர்க்கச் சொன்னது அக்கறை. அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை, நாளைக்குக் குடும்பம் நடக்கப்போவது அதில்தான். ஆனால் அக்கறை என்பது நர்ஸ் அக்காவுக்கும் உண்டு. ஒருவரிடம் நெருங்க வேண்டும் என்ற ஆசை அதற்குள் தானாக அடங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, மளிகை, கரண்ட் பில், பிள்ளைகள் ஃபீஸ் தவிர வேறு எதுவும் பேசாமல் போன எத்தனையோ தம்பதிகளை நம் சொந்தத்திலேயே காட்டலாம். அவர்களுக்குள் அக்கறைக்குக் குறைவில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள். அப்பா போன பிறகு அம்மா ஒருநாள், "அவருக்கு என்ன கலர் பிடிக்கும்னுகூட எனக்குத் தெரியாதுலே" என்றாள். எனக்கு அது வேண்டாம்.

அதனால் அதையும் அவளிடம் சொன்னேன். எனக்கு வேலை இல்லாத பேச்சும் வேணும் என்று. "என்ன பேசணும்னு சொல்லுங்க, பேசுதேன்" என்றாள், கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். நாள் எப்படிப் போச்சுன்னு நீங்களா ஒருதடவை கேளுங்க என்றேன். தலையாட்டிக்கொண்டாள். அடுத்த நாள் போன் வந்தது. "பிசியா? ரெண்டு விஷயம். இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?" தண்ணீர் வருமா என்று கேட்ட அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கு ஏன் என்று புரியவில்லை, புரிந்ததும் கொஞ்சம் கோபப்பட்டாள். கேட்டு வாங்குகிற அன்பு அன்பா என்று அந்த ஸ்பேர் பார்ட்ஸ் பையன் கேட்டான். அவனுக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது, அவன் பேசுவான். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு, அவளே தெரிந்து செய்ய வேண்டும் என்று முப்பது வருஷம் காத்திருப்பதற்குக் கேட்டுவிடுவது மேல்.

பட்டியல் விவகாரத்தை அம்மாவோடு அவளே நேரடியாகப் பேசி முடித்தாள். நான் நடுவில் போகவில்லை. தாலிக்கு மதிப்பு எழுதவில்லை, எடை மட்டும். "மதிப்பு இல்லாட்டி விதிப்படி சரியில்ல, ஆனா அத்தை மனசுக்குச் சரி" என்று என்னிடம் சொன்னாள், கொஞ்சம் மனத்தாங்கலோடுதான். அதற்கப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. அம்மா தன் பீரோவிலிருந்து இரண்டு வளையலை எடுத்துவந்து, "நான் அவளுக்குப் போடுததையும் எழுதச் சொல்லு. கொடுத்தவர்ங்கிற எடத்துல என் பேரு முழுசா வரணும். எங்கம்மை எனக்குப் போட்டதுன்னும் எழுதணும்" என்றாள். அதற்குக் கட்டம் இல்லம்மா என்றேன். "அவட்டச் சொல்லு, போடுவா" என்றாள். போட்டுவிட்டாள், 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இப்போது எங்கள் சித்தியும் தன் மகளுக்கு அந்த மாதிரித் தாள் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

எனக்கும் அவளுக்கும் இன்னும் இழுபறிதான். நாள் எப்படிப் போச்சு என்று அவள் கேட்பது இப்போது அவ்வளவு பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இல்லை. ஆனால் நான் பதில் சொன்னால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. போன வாரம் முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டிவிட்டார். ஸ்டாக் கணக்கு இடிக்கிறது, அது என் தப்பும் இல்லை. ரொம்ப நொந்துபோய் அவளிடம் சொன்னேன். ஐயோ என்றோ, விடுங்க என்றோ ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்க ஆர்டர்ல நோட்டீஸ் பீரியட் எத்தன மாசம்?" என்றாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. எனக்கு இப்ப அது வேண்டாம், நீ திட்டு அவர என்றேன். முதல் தடவையாக 'நீ' என்று வந்துவிட்டது. அவள் யோசித்தாள். "ஸ்டாக் இடிச்சா வவுச்சரப் பாக்கணும், ஆளத் திட்டுனா ஆச்சா? கூறுகெட்ட மனுசன்" என்றாள். இதுவும் வேலைப் பேச்சுதான், ஆனால் எனக்குப் போதுமானதாக இருந்தது. நோட்டீஸ் பீரியட் ரெண்டு மாசம் என்றேன். அதற்கப்புறம் வேலையை விடலாமா வேண்டாமா, விட்டால் அம்பாசமுத்திரம் பக்கமே பார்க்கலாமா என்று போன் சூடாகிறவரை பேசிக்கொண்டிருந்தோம்.